'ரெடி, வாங்க' என்றால் போதுமா?



நம்மில் பலர் சனி, ஞாயிறுகளில் ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப்பில் கை உதவிக்குப் போகிறோம். வேலை கற்றுக்கொள்கிறோம். ஆனால் முடித்த வேலையைப் பற்றி வாடிக்கையாளருக்கு நாலு வரி எழுதச் சொன்னால் பேனா ஓடமாட்டேன் என்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதை எனக்குக் கற்றுத் தந்தது எங்கள் தோட்டத்து மோட்டார்தான். ஆகவே அதன் கதையையே பாடமாகச் சொல்கிறேன்.

திருமங்கலம் பக்கம் எங்கள் அப்பா ஒரு ஏக்கர் மல்லிகையைக் குத்தகைக்குப் பார்க்கிறார். கிணற்றில் 5 எச்பி மூன்று பேஸ் மோனோபிளாக் மோட்டார். போன சித்திரையில் அது எரிந்துபோனது. மதுரையில் ஒரு கடையில் கொடுத்தோம். மூன்றாம் நாள் போனில் செய்தி வந்தது: 'ரெடி, வாங்க.' அவ்வளவுதான். அப்பா குட்டியானை பிடித்துப் போய், கேட்ட பணத்தைக் கொடுத்து எடுத்து வந்தார். ஒன்பதாம் நாள் மறுபடி எரிந்தது. கடையில் கேட்டதற்கு, "உங்க லைன்லதான்யா கோளாறு" என்று முடித்துவிட்டார்கள். என்ன செய்தார்கள், எதைத் தொடவில்லை என்று காட்ட எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

இரண்டாம் முறை வேறு கடைக்குப் போனோம். அங்கே இருந்த மிஸ்திரி மூடியைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, டிப்ளமோ படிக்கிறேல்ல? இதைப் பாரு, என்ன தெரியுது?" மூன்று பேஸில் ஒரு பேஸ் காயில் மட்டும் கரியாக இருந்தது. மற்ற இரண்டும் செம்பு நிறம் மாறவில்லை.

டெல்டா இணைப்பில் ஓடும்போது ஒரு லைன் விட்டுப்போனால், மீதி இரண்டு லைனுக்கும் நேர் நடுவில் இருக்கும் காயில்தான் பெரும்பங்குக் கரண்டை இழுக்கும். அது மட்டும் கருகும். ஸ்டார் இணைப்பாக இருந்தால் இதற்கு மாறாக இரண்டு பேஸ் கருகி ஒன்று தப்பும். எங்கள் மோட்டார் டெல்டா. ஆக, எரிந்ததற்குக் காரணம் கம்பி அல்ல, சிங்கிள் பேஸிங். முதல் கடைக்காரர் மோட்டாரைத் திறந்தபோதே இது கண்ணில் பட்டிருக்கக்கூடும். 'ஒரு பேஸ் மட்டும் கருகியிருக்கிறது, ஸ்டார்ட்டரைப் பாருங்கள்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் எங்களுக்கு இரண்டாவது செலவு வந்திருக்காது.

இந்த மிஸ்திரி வேலை முடிந்ததும் அனுப்பிய செய்தி இதுதான்:

'ஐயா, 5 எச்பி மோட்டார் தயார். ரூ. 4,300. சனி மாலை 7 வரை எடுக்கலாம்.
எரிந்த விதம்: ஒரு பேஸ் மட்டும் கருகியிருந்தது. ஒரு லைனில் கரண்டு வராமல் ஓடியிருக்கிறது.
செய்தது: மூன்று பேஸும் புதுக் காப்பர் கம்பி, 2.9 கிலோ. பேரிங் 6206, 6205 இரண்டும் புதியது. பழைய பேரிங் பையில் உள்ளது.
அளந்தது: மெகர் 100 மெகாஓமுக்கு மேல். இம்பெல்லர் மாட்டாமல் ஓட்டியதில் 3.0, 3.1, 3.0 ஆம்பியர்.
செய்யாதது: இம்பெல்லர், சீல் பழையதே. ஸ்டார்ட்டர் பார்க்கவில்லை.
நீங்கள் செய்ய வேண்டியது: பியூஸ், ரிலே இரண்டையும் வயர்மேன் பார்த்த பிறகே மோட்டாரைப் போடவும். ரிலே 7.5-ல் இருக்க வேண்டும்.
கணக்கு: 6,100. பழைய கம்பிக்குக் கழிவு 1,800. மீதி 4,300.'

எங்கள் அப்பாவுக்கு எழுத்து தெரியாது. எட்டாவது படிக்கும் தங்கச்சிதான் வாசித்துக் காட்டினாள். ஒரு தடவை கேட்டதுமே அப்பா, "அப்ப மொதல்ல வயர்மேனக் கூப்பிடு" என்றார். வயர்மேன் வந்து பார்த்தால், ஒரு பியூஸ் கேரியர் பிடிமானம் லூசாகிச் சூட்டில் கறுத்திருந்தது. ஓவர்லோடு ரிலேயை யாரோ 12-ல் திருப்பி வைத்திருந்தார்கள். நேம் பிளேட்டில் இருப்பதோ 7.5 ஆம்பியர். இரண்டையும் சரிசெய்த பிறகே மோட்டாரைப் போட்டோம். இன்றுவரை ஓடுகிறது.

இந்தச் செய்தியில் நாம் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

முதல் வரியிலேயே எந்தப் பொருள், எவ்வளவு பணம், எப்போது வரலாம் என்ற மூன்றும் வந்துவிட்டன. இதற்குக் காரணம் உண்டு. தமிழில் அடித்தால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறி. 'மோ' என்பதே இரண்டு. மேலே உள்ள முதல் வரியை எண்ணிப் பார்த்தேன், 66 வருகிறது. பட்டன் போன்காரருக்கு அந்த ஒரு வரி மட்டும் போனாலும் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, 'பழுது பார்த்தாச்சு' என்ற சொல் எங்குமே இல்லை. அந்தச் சொல்லுக்குள் மூன்று பேஸும் சுற்றியதும் அடங்கும், ஒரு காயிலை மட்டும் ஒட்டுப்போட்டதும் அடங்கும். 'மூன்று பேஸும், 2.9 கிலோ' என்றால் அடங்காது. அதோடு, வாடிக்கையாளர் தானே சரிபார்க்கக்கூடியதைத்தான் எழுத வேண்டும். பேரிங்கின் நம்பர் அதன் மேலேயே பொறித்திருக்கும். 6206-ல் கடைசி 06-ஐ ஐந்தால் பெருக்கினால் 30 மி.மீ. ஷாப்ட் அளவு. பழைய பேரிங்கைக் கையில் கொடுத்துவிட்டால் மாற்றினார்களா இல்லையா என்ற சந்தேகமே எழாது. பழைய கம்பிக்கும் விலை உண்டு. கணக்கில் கழிவைக் காட்டாவிட்டால் ஊரில் முதல் சண்டை அதில்தான் வரும்.

'செய்யாதது' என்ற வரியை எழுதக் கூச்சமாக இருக்கும். நம் வேலையை நாமே குறைத்துச் சொல்கிற மாதிரி தோன்றும். ஆனால் எங்கள் மோட்டாரைக் காப்பாற்றியது 'ஸ்டார்ட்டர் பார்க்கவில்லை' என்ற வரிதான். நாளைக்கு சீல் ஒழுகினால் அது யார் பொறுப்பு என்பதையும் அதே வரி சொல்லிவிடும். 'இனிமேல் எரியாது' என்று மட்டும் எழுதவே கூடாது. மேஜையில் அளந்ததுதான் நமக்குத் தெரியும், கிணற்றடியில் வருகிற கரண்டு நம் கையில் இல்லை.

இனி நான் செய்த தப்பு. அந்தக் கடையில்தான் இப்போது சனிக்கிழமைகளில் வேலை பார்க்கிறேன். செய்தி எழுதுவது என் பொறுப்பு. ஒரு நாள் சாயங்காலம், வார்னிஷ் போட்ட மோட்டார் சூட்டுப் பெட்டியில் இருக்கும்போதே 'தயார்' என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் மெகர் வைத்தால் 0.8 மெகாஓம். 1-க்குக் கீழே இருந்தால் ஓட்டக்கூடாது என்பது பட்டறைக் கணக்கு. உள்ளே ஈரம் இன்னும் போகவில்லை. அதற்குள் உசிலம்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் வண்டி வாடகை கொடுத்து வந்து நிற்கிறார்! மிஸ்திரி என்னைத் திட்டவில்லை. "கடைசி அளவு எடுக்காம போனைத் தொடாத தம்பி" என்றார். வாடகையை அவரே கொடுத்து அனுப்பினார். அன்றிலிருந்து, மெகரும் ஆம்பியரும் நோட்டில் ஏறிய பிறகுதான் எழுதுகிறேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன், ஞாபகத்திலிருந்து அல்ல.

எழுதியதும் ஒரு தடவை வாய்விட்டுப் படிப்பேன். தங்கச்சி படிக்க அப்பா கேட்டால் புரியுமா என்று பார்ப்பேன். புரியாத வரியை மாற்றிவிட்டுத்தான் அனுப்புவேன்.



— இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை