பிடிபட்ட பிறகு மூன்று நாட்கள்

மாணவி ஒருத்தியின் பையில் மின்சிகரெட் அகப்பட்டால் பள்ளி என்ன செய்ய வேண்டும்? நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்திருக்கிறது. ஆயினும் தடை செய்த பொருளும் பைக்குள் வந்து சேரக்கூடும். இக்கேள்வியோடு பல ஆண்டுகளாகப் போராடி வருபவை அமெரிக்கப் பள்ளிகள். 2018-இல் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியே இதனை இளைஞரிடையே பரவும் கொள்ளைநோய் என்று எச்சரித்தார். அப்பள்ளிகளின் அனுபவத்திலிருந்து ஆசிரியர்களாகிய நாம் கற்க வேண்டியதை இங்கே காண்போம்.

முதலில் பொருளை அறிவோம். சிறு மின்கலம் ஒன்று நிக்கோட்டின் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்குகிறது. பல கருவிகளில் நிக்கோட்டின் உப்பு வடிவில் உள்ளது. அது தொண்டையை அதிகம் எரிப்பதில்லை. ஆகவே புதிதாகத் தொடங்கும் பிள்ளையும் இருமாமல் மிகுதியாக இழுத்துவிடுகிறாள். இரத்தத்தில் சேர்ந்த நிக்கோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. பழகிவிட்டவளுக்கு மூன்றாம் பாடவேளைக்குள் எரிச்சலும் அமைதியின்மையும் வந்துவிடும், கவனம் சிதறும், கழிப்பறைக்கு அனுமதி கேட்பாள். அடியோடு நிறுத்தினால் முதல் மூன்று நாட்களே மிகக் கடினமானவை. பிறகு சில வாரங்களில் வேதனை படிப்படியாகத் தணியும்.

இப்போது ஓர் உதாரணம் கொள்வோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி கழிப்பறையில் பிடிபடுகிறாள். பழைய விதிப்படி மூன்று நாள் இடைநீக்கம். பெற்றோர் வேலைக்குச் சென்றுவிட, அவள் வீட்டில் தனியே இருக்கிறாள். உடல் நிக்கோட்டினுக்காக ஏங்கும் அதே மூன்று நாட்களில்தான் அவளைக் கவனிக்க ஒருவரும் இல்லை. நான்காம் நாள் திரும்புகிறாள். பாடம் பின்தங்கிவிட்டது, பழக்கம் போகவில்லை, ஒளிக்கும் சாமர்த்தியம் மட்டும் கூடியிருக்கிறது. கருவியைப் பறித்தோம், ஏக்கத்தை அவளிடமே விட்டுவிட்டோம்.

ஆகவே பல பள்ளிகள் வேறு வழியில் செல்கின்றன. அவ்வழியில் அதே மாணவியை நடத்திப் பார்ப்போம். கருவியை இன்னொரு ஆசிரியர் முன்னிலையில் வாங்கி, உறையிலிட்டு, தேதி குறித்து வைக்க வேண்டும். உள்ளே லித்தியம் மின்கலம் இருப்பதால் குப்பைக் கூடையில் எறிதல் ஆகாது, தீப்பிடிக்கலாம். மாணவிக்கு மயக்கமோ வாந்தியோ இருந்தால் விசாரணைக்கு முன் மருத்துவ உதவியே முதல் வேலை. திரவத்தில் வேறு போதைப்பொருள் கலந்திருக்கக்கூடும்.

பின்னர் தனியறையில் பேச வேண்டும். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்றால் அழுகைதான் பதிலாக வரும். "காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதலில் இழுக்கிறாய்?" என்பதே பயனுள்ள கேள்வி. அரைமணிக்குள் என்றால் அடிமைத்தனம் ஆழமானது. மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தோழியருடன் கூடும்போது மட்டும் என்றால் மறுக்கும் துணிவைப் பழக்குவதே தேவை. அன்றே பெற்றோரை அழைத்து, வரும் மூன்று நாட்கள் எத்தகையவை என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும்.

இடைநீக்கத்துக்குப் பதிலாக அமெரிக்க நுரையீரல் சங்கம் நான்கு வகுப்புகள் அமைத்துள்ளது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 நிமிடம். பழக்கம் எப்படிப் பற்றிக்கொண்டது, எந்த வேளையில் ஏக்கம் எழுகிறது, அப்போது வேறென்ன செய்யலாம் என்பவற்றை மாணவியே எண்ணிப் பார்க்கிறாள். கைப்பேசிக்குத் தினமும் ஊக்கச் செய்தி அனுப்பும் திட்டமும் உண்டு. 13 முதல் 17 வயதினரிடம் அதனைச் சோதித்த ஆய்வு 2024-இல் வெளியானது. ஏழு மாதங்களுக்குப் பின் கேட்டபோது, செய்தி பெற்றவர்களில் நூற்றுக்கு 38 பேர் கடந்த 30 நாட்களாகத் தொடவில்லை என்றனர். பெறாதவர்களில் 28 பேர். இது சிறிய வேறுபாடன்று. ஆனால் பாதிக்கும் மேற்பட்டோர் இன்னும் விடவில்லை என்பதையும் மறக்கலாகாது. எனவே மறுபடி ஒருமுறை பிடிபட்டால் அதனை எதிர்ப்பு என்று கொள்ளாமல் சறுக்கல் என்று கொண்டு, உதவியைக் கூட்ட வேண்டும்.

இதனால் கண்டிப்பே வேண்டாம் என்று பொருளல்ல. கருவி திரும்பக் கிடைக்காது. வகுப்புகளுக்கு வந்தே தீர வேண்டும். பிற மாணவியருக்கு விற்றவளின் வழக்கு வேறு; அங்கே மற்றப் பிள்ளைகளின் பாதுகாப்பு முந்துகிறது.

இறுதியாக ஒரு விதியைப் பள்ளியின் கையேட்டில் எழுதி வைப்போம். தானே வந்து "என்னால் விட முடியவில்லை" என்று சொல்பவளுக்குத் தண்டனை இல்லை. பிடிபட்டவளுக்கும் தானாக வந்தவளுக்கும் ஒரே தண்டனை என்றால், தானாக வருபவள் ஒருத்தியும் இருக்கமாட்டாள்.