ஐ2சியா, எஸ்பிஐயா?

முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் ஒன்று. அரை மீட்டர் உயரப் பெட்டி; மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் வெப்பமும் ஈரப்பதமும் அளக்க வேண்டும். பிஎம்இ280 சென்சாரை வாங்கினால் அது ஐ2சி, எஸ்பிஐ (வங்கி அல்ல) இரண்டு வழியிலும் பேசும். எதில் இணைப்பது?

ஐ2சிக்கு இரண்டே கம்பி: தரவுக்கு எஸ்டிஏ, கடிகாரத் துடிப்புக்கு எஸ்சிஎல். எத்தனை சென்சார் வந்தாலும் அதே இரண்டுதான், ஏனென்றால் ஒவ்வொன்றையும் முகவரி சொல்லி அழைக்கிறோம். சிக்கலும் அங்கேதான். பிஎம்இ280க்கு இரண்டே முகவரிகள். எஸ்டிஓ பின்னைத் தரையில் இணைத்தால் 0x76, மின்வழங்கலில் இணைத்தால் 0x77. மூன்றாவது சென்சாருக்கு இடமில்லை.

எஸ்பிஐயில் முகவரியே கிடையாது. மூன்று பொதுக் கம்பிகள் போக, சென்சாருக்கு ஒரு தேர்வுக் கம்பி. எதன் கம்பியைத் தாழ்த்துகிறோமோ அது பதில் சொல்லும். மூன்று சென்சாருக்கு ஆறு சமிக்ஞைக் கம்பிகள்.

எஸ்பிஐ வேகமானது என்பார்கள். உண்மைதான், ஆனால் இங்கே அது உதவாது. ஒரு வாசிப்புக்கு ஐ2சியில் முகவரி உட்பட 11 பைட். பைட்டுக்கு 9 துடிப்பு. 100 கிலோஹெர்ட்ஸில் சுமார் 1 மில்லிவினாடி. எஸ்பிஐயில் 10 மெகாஹெர்ட்ஸில் அது 7 மைக்ரோவினாடி. ஆனால் சென்சார் அளந்து முடிக்கவே ஏறக்குறைய 8 மில்லிவினாடி எடுக்கிறது! தவிர, தொங்கும் அரை மீட்டர் கம்பியில் 10 மெகாஹெர்ட்ஸை நம்ப முடியாது. வினாடிக்கு 8,000 முறை அளவு தரும் ட்ரோன் கைரோ என்றால் கதை வேறு. அங்கே இரு அளவுகளுக்கு இடையில் 0.125 மில்லிவினாடிதான், 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சி திணறிவிடும், எஸ்பிஐயே வழி.

கோளாறுகளும் வேறு வேறு. ஐ2சியில் வாசிப்பின் நடுவே கன்ட்ரோலர் ரீசெட் ஆனால், சென்சார் எஸ்டிஏவைத் தாழ்த்திப் பிடித்தபடியே நின்றுவிடலாம். மல்டிமீட்டரில் அந்தக் கம்பி 0 வோல்ட்டிலேயே கிடக்கும். எஸ்சிஎல்லில் 9 துடிப்பு கொடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். எஸ்பிஐயில் 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புதலே இல்லை. கம்பி அறுந்தாலும் 0x00 அல்லது 0xFF என்று ஏதோ வரும். அதனால் முதலில் 0xD0 பதிவேட்டைப் படியுங்கள். 0x60 வந்தால் பிஎம்இ280. 0x58 வந்தால் கடைக்காரர் தந்தது பிஎம்பி280. அதில் ஈரப்பதம் அளக்க வழியே இல்லை.

என் தேர்வு ஐ2சி. இஎஸ்பி32இல் இரண்டு ஐ2சி பஸ்கள் உண்டு: முதலாவதில் இரண்டு சென்சார், அடுத்ததில் ஒன்று. நான்கு சமிக்ஞைக் கம்பியில் வேலை முடிந்தது. எஸ்பிஐதான் வேண்டும் என்பவர்கள் ஆறு பின் உள்ள பலகையைக் கேட்டு வாங்குங்கள். நான்கு பின் பலகையில் ஐ2சி மட்டும்தான்.