கழிப்பறையின் வழியே கொள்கைச் சுழற்சி

பொதுக் கொள்கை என்ற பாடத்தில் ஐந்து நிலைகளை எழுதிப் போட்டால் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். பிரச்சினை நிகழ்ச்சி நிரலில் இடம்பெறுதல், கொள்கை வகுத்தல், ஏற்றல், செயல்படுத்தல், மதிப்பிடுதல். ஆனால் ஒரு நிலையில் எடுத்த முடிவு அடுத்த நிலையை எப்படிக் கட்டிப்போடுகிறது என்பது அந்த வரிசையில் தெரியாது. அதற்காக நான் மம்சாபுரம் பகுதி மாணவர்களிடம் தூய்மை இந்தியா இயக்கத்தை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். எல்லோருக்கும் தெரிந்த திட்டம். சுவரெழுத்துகளிலும் வீட்டுக் கழிப்பறைகளிலும் பார்த்த திட்டம்.

திறந்தவெளியில் மலம் கழிப்பது நெடுங்காலமாக இருந்த நிலைமை. ஒரு நிலைமை இருப்பதனாலேயே அது அரசின் வேலையாகிவிடுவதில்லை. மத்திய அரசு ஊரகச் சுகாதாரத்துக்கென ஒரு திட்டத்தை 1986இல்தான் தொடங்கியது. 1999இல் முழுச் சுகாதார இயக்கம் வந்தது. 2012இல் அது நிர்மல் பாரத் அபியான் ஆயிற்று. 2014 அக்டோபர் 2இல் தூய்மை இந்தியா இயக்கம் பிறந்தது. பெயர் இத்தனை முறை மாறியது ஏன் என்று மாணவர்களைக் கேளுங்கள். முந்தைய சுற்றின் மதிப்பீடுதான் அடுத்த சுற்றின் நிகழ்ச்சி நிரலை எழுதியது என்ற விடைக்கு அவர்களே வந்து சேர்வார்கள்.

இங்கே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கரும்பலகையில் எழுதுவேன். நாட்டின் ஊரகப் பகுதியில் 100 வீடுகளில் ஏறத்தாழ 31இல்தான் வளாகத்துக்குள் கழிப்பறை இருந்தது. தமிழ்நாட்டின் ஊரகப் பகுதியில் ஏறத்தாழ 23. அதுவரை திட்டத்தின் பதிவேடுகளோ பாதிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கழிப்பறை கட்டியாயிற்று என்று காட்டிக்கொண்டிருந்தன. பதிவேட்டில் ஏறியது கட்டுமானம்; கணக்கெடுப்பாளர் தேடியது நிற்கிற கழிப்பறை. பிரச்சினையை ‘கழிப்பறை இல்லை’ என்று வரையறுத்துவிட்டால், எண்ணிக்கை ஏறுவதே வெற்றியாகத் தோன்றும். அதை யாராவது பயன்படுத்துகிறார்களா என்ற கேள்விக்குப் படிவத்தில் கட்டமே இருக்காது. 2014இல் ஐந்து வட மாநிலங்களில் நடந்த ஓர் ஆய்வில், கழிப்பறை உள்ள வீடுகளில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் ஒருவராவது வெளியில் செல்வது தெரிந்தது.

செயல்படுத்தும் நிலைக்கு வரும்போது நம் ஊரே நல்ல பாடம். மம்சாபுரம் ஒரு பேரூராட்சி. பக்கத்தில் உள்ள கிராம ஊராட்சிகள் ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வருகின்றன. இயக்கத்தின் முதல் கட்டத்தில் அங்கே ஒரு வீட்டுக் கழிப்பறைக்கு ஊக்கத்தொகை 12,000 ரூபாயாக இருந்தது. பேரூராட்சி நகர்ப்புறப் பிரிவில் சேர்வதால், அப்போது இங்கே மத்திய அரசின் பங்கு வீட்டுக்கு 4,000 ரூபாயாக இருந்தது. அதன்மேல் மாநில அரசின் பங்கு. கூப்பிடு தூரத்தில் இருக்கும் இரண்டு வீடுகளுக்கு வெவ்வேறு அலுவலகம், வெவ்வேறு தொகை. ‘ஏன் சார் அவங்களுக்கு அதிகம்?’ என்று பிள்ளைகள் கேட்டால், அதுதான் அன்றைய வகுப்பின் சிறந்த கேள்வி.

கொள்கையை வகுத்தவர்கள் ஊரகப் பகுதிக்குப் பெரிதும் பரிந்துரைத்தது இரட்டை உறிஞ்சுகுழிக் கழிப்பறை. ஒரு குழி நிறைய ஒரு குடும்பத்துக்குச் சில ஆண்டுகள் ஆகும். நிறைந்ததும் நடுவில் உள்ள சிறு தொட்டியில் ஒரு வழியை அடைத்து, மற்றதைத் திறக்க வேண்டும். மூடிய குழி ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆறினால் உள்ளே இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். காகிதத்தில் பழுதில்லாத வடிவம். கட்டும்போது அந்தத் தொட்டியில் இரு வழிகளையும் திறந்தே விட்டால் இரண்டு குழிகளும் ஒன்றாக நிறையும். ஆறுவதற்கு ஒரு குழியும் மிஞ்சாது. தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். ஆனால் கட்டிய வீட்டின் முன் புகைப்படம் எடுக்கும் மதிப்பீட்டில் மூடியை யாரும் தூக்குவதில்லை. குழியை அள்ளும் வேலையைச் சாதியோடு பிணைத்து வைத்திருக்கும் சமூகத்தில், குழி நிறைந்துவிடுமே என்ற பயத்தில் கழிப்பறையைப் பூட்டிவைப்பவர்களும் உண்டு. இதை வடிவமைப்பின் குறை என்பதா, செயல்படுத்துவதில் உள்ள குறை என்பதா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடட்டும். என் கருத்து, பிரச்சினையை வரையறுத்தபோதே விழுந்த குறை என்பது.

2019 அக்டோபர் 2இல் ஊரக இந்தியா திறந்தவெளி மலம் கழித்தல் அற்றதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே இரண்டாம் கட்டம் தொடங்கியது. அதில் கழிவுநீரும் குப்பையும் சேர்ந்துகொண்டன. பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் கழிவுத் தொட்டியிலிருந்து லாரி உறிஞ்சும் கசடு எங்கே போகிறது என்பதற்குத் தமிழ்நாடு அரசு 2014இலேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருந்தது. கட்டியது நிறைய ஆரம்பித்ததும், புதிய பிரச்சினை நிகழ்ச்சி நிரலுக்கு வந்துவிட்டது.

செயல்பாடாக வீடு வீடாகக் கேள்வி கேட்க மாணவர்களை அனுப்ப வேண்டாம். யாருடைய வீட்டில் கழிப்பறை இல்லை என்பது மறுநாள் வகுப்பில் கேலியாகிவிடும். பள்ளிக் கழிப்பறையையே எடுத்துக்கொள்ளலாம். எத்தனை இருக்கின்றன என்பதை ஒரு குழு எழுதட்டும். மதிய இடைவேளையில் எத்தனை திறந்திருக்கின்றன, எத்தனையில் தண்ணீர் வருகிறது, தாழ்ப்பாள் விழுகிறதா என்பதை இன்னொரு குழு எழுதட்டும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டு, தலைமையாசிரியரிடம் எந்தத் தாளைக் கொடுப்பது என்று அவர்களையே முடிவெடுக்கச் சொல்லுங்கள்.