சிங்கப்பூரில் லேப்டாப், அம்பத்தூரில் ஃபோன்: ஆட்டம் திணறாமல் இருக்க

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சி.என்.சி. மெஷின் ஓட்டிப் பழகியவர், இப்போது சிங்கப்பூரில் அதே வேலையில் இருக்கிறார். மனைவியும் மகனும் அம்பத்தூரில், தங்கை மகள் ஆவடியில். ஞாயிறு மாலையில் இவர் தன் லேப்டாப்பில் மைன்கிராஃப்ட் உலகத்தைத் திறப்பார். பிள்ளைகள் இருவரும் ஃபோனில் இருந்து அதற்குள் வந்து சேருவார்கள். வாட்ஸ்அப் காலில் பேசிக்கொண்டே மூவரும் ஒரு கோட்டை கட்டுவார்கள்.

சில வாரங்களில் புகார் வந்தது. “அப்பா, நான் உடைச்ச கல்லு திரும்பவும் அங்கேயே வந்து நிக்குதுப்பா!”

“எனக்கு இங்க நல்லாத்தானேடா ஓடுது?”

தனக்கு நன்றாக ஓடுவதால், கோளாறு அம்பத்தூர் வீட்டு இணையத்தில்தான் என்று முடிவு செய்தார். மனைவியை அதிக வேகத் திட்டத்துக்கு மாறச் சொன்னார். மாத வாடகை ஏறியது, கல் மட்டும் திரும்ப வந்துகொண்டே இருந்தது.

உலகம் யார் லேப்டாப்பில் ஓடுகிறது?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இப்படி ஆடும்போது உலகத்தைத் திறந்தவரின் லேப்டாப்தான் மற்றவர்களுக்கு சர்வர். மகன் கல்லை உடைத்தால் அந்தச் செய்தி சிங்கப்பூருக்குப் போய், லேப்டாப் அதை ஏற்று, பதில் திரும்பி வர வேண்டும். பதில் தாமதமானால் கல் மறுபடி தோன்றும். அப்பாவுக்கு உலகம் சொந்த லேப்டாப்புக்குள்ளேயே இருப்பதால் இணையத் தாமதம் அவரைத் தொடுவதே இல்லை. அவர் அறையின் வைஃபை எவ்வளவு மோசமாக இருந்தாலும் அவர் திரையில் அது தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இரு பிள்ளைகளும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு இணைப்பில் இருக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் திணறினால் கோளாறு அந்த வீட்டில். இருவருக்கும் ஒரே நொடியில் திணறினால் கோளாறு உலகத்தைத் திறந்தவர் பக்கம். அடுத்த ஞாயிறு, “நின்னா உடனே சத்தம் போடுங்க” என்று சொல்லிவைத்தார். இரண்டு குரலும் ஒன்றாகவே கேட்டன.

முதலில் வைஃபையைச் சோதியுங்கள்

விண்டோஸில் கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து ipconfig என்று தட்டினால், Default Gateway என்ற வரியில் ரவுட்டரின் எண் இருக்கும். அதற்கு நூறு முறை பிங் அனுப்புங்கள். எண் உங்கள் அறையில் வேறாக இருக்கலாம்.

```
ping -n 100 192.168.1.1
```

லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையே சில அடி தூரம்தான். பதில் சில மில்லிவினாடிகளில் வர வேண்டும். இவருக்குப் பல வரிகள் 3, 4 என்று வந்தன, நடுநடுவே 200-ஐத் தாண்டின, சிலவற்றில் Request timed out. பலர் பகிர்ந்துகொள்ளும் அறைகளில் இது வழக்கம். எல்லோர் ஃபோனும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெரிசல்படும். ஸ்பீட் டெஸ்ட்டில் வேகம் நன்றாகவே காட்டும், ஆனால் ஆட்டத்துக்கு வேகத்தை விடப் பதில் சீராக வருவதுதான் முக்கியம்.

ரவுட்டரில் இருந்து லேன் கேபிள் இழுக்க முடிந்தால் அதுவே சிறந்த தீர்வு. அது முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாம். இவருக்கு இரண்டுக்கும் வழியில்லை. சிம் கார்டில் டேட்டா மிச்சமிருந்ததால், ஃபோனை யு.எஸ்.பி. கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, ஃபோனில் USB tethering-ஐ இயக்கினார். அறை வைஃபையே வழியில் இல்லாமல் போனது. இந்த ஆட்டம் வீடியோ காலை விட மிகக் குறைவான டேட்டாவையே எடுக்கும். ஆனால் ஆடும் நேரத்தில் வீடியோவை நிறுத்திவிட்டுக் குரல் காலில் மட்டும் பேசுங்கள். உலகத்தைத் திறந்தவருக்கு அப்லோட் தேவை, வீடியோ அதைத்தான் தின்னும்.

அடுத்தது சூடு

பெரும்பாலான திணறல் போய்விட்டது. ஆனால் இருபது நிமிடம் ஆடியதும் மறுபடி தலைகாட்டியது. தொடக்கத்தில் நன்றாக ஓடி, சிறிது நேரம் கழித்துத் திணறினால் லேப்டாப்பின் சூட்டைச் சந்தேகியுங்கள். Ctrl+Shift+Esc அழுத்தி Task Manager-இல் Performance, CPU என்று போனால் Speed என்ற எண் தெரியும். ஆட்டம் தொடங்கும்போது 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் இருந்த எண், ஃபேன் இரைய இரைய 1.5-க்குக் கீழே இறங்கியது. பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

மைன்கிராஃப்ட் உலகம் நொடிக்கு 20 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றையும் 50 மில்லிவினாடிக்குள் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் எல்லோருக்கும் உலகம் மந்தமாகும். எனவே தேவையற்ற வேலையைக் குறைப்பதுதான் வழி.

இவர் மூன்று மாற்றங்கள் செய்தார். வீடியோ அமைப்பில் Max Framerate-ஐ 60-இல் நிறுத்தினார். அதுவரை லேப்டாப் முடிந்த அளவு படங்களை வரைந்து தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டிருந்தது. பிறகு உலக அமைப்பில் Simulation Distance-ஐ 10-இல் இருந்து 4-க்குக் குறைத்தார். ஆடும் ஒவ்வொருவரைச் சுற்றியும் எவ்வளவு தூரம் வரை ஆடு, மாடு, நீர், பயிர் எல்லாம் இயங்க வேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது. மூவரும் மூன்று திசையில் போனால் மூன்று வட்டங்கள், அருகருகே ஆடினால் ஏறக்குறைய ஒன்று. “கோட்டைப் பக்கத்துலயே இருங்க கண்ணா” என்று சொன்னதற்கும் பலன் இருந்தது. மூன்றாவதாக, மெத்தையில் இருந்த லேப்டாப்பை மேசைக்கு மாற்றி, பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கிவைத்து, சார்ஜரைச் செருகியே ஆடினார்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இருபது நிமிடம் ஆடிப் பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

குறைக்க முடியாத பகுதி

சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடி கேபிள் 2002-இல் செயல்பாட்டுக்கு வந்தது. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 32 மில்லிவினாடி ஆகும். எந்த செட்டிங்கும் இதைக் குறைக்காது. ஸ்பீட் டெஸ்ட்டில் சென்னை சர்வரைத் தேர்ந்தெடுத்து, பிங் 40, 50 என்று வந்தால் அதுவே நல்ல நிலை. கல் உடைக்கும் ஆட்டத்துக்கு அது தாராளம். நூறைத் தாண்டி அங்கேயே நின்றால் உங்கள் இணைய நிறுவனம் சுற்றுவழியில் அனுப்பிக்கொண்டிருக்கலாம். அப்போது வேறு சிம்மில் சோதியுங்கள்.

வேலைக்கு இடைஞ்சல் வராமல்

அலுவலக லேப்டாப் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் அதில் ஆட்டத்தை ஏற்ற வேண்டாம். அது நிறுவனத்தின் கண்காணிப்பில் இருக்கும் கருவி. அனுமதியில்லாத மென்பொருள் ஒழுங்கு நடவடிக்கை வரை போகலாம், வெளிநாட்டில் வேலை போனால் விசாவும் போகும்.

நேரத்தையும் கணக்கிடுங்கள். சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி நேரம் முந்தியது. அம்பத்தூரில் இரவு 9 மணி என்றால் அங்கே 11.30. காலை ஷிஃப்டில் மெஷின் முன் நிற்பவருக்கு அந்தத் தூக்கம் பாதுகாப்பு சார்ந்தது. இவர் வீட்டில் மாலை 5.30 என்று வைத்துக்கொண்டார், அவருக்கு அது இரவு 8. துபாயில் இருப்பவருக்குக் கணக்கு எதிர்ப்பக்கம்: நம் இரவு 9 அங்கே 7.30. அங்கே வாட்ஸ்அப் கால் தடைபட்டிருப்பதால், பேசுவதற்கு அனுமதி பெற்ற செயலியையே பயன்படுத்துங்கள். தடையைத் தாண்ட வி.பி.என். போட்டால் பெரும் அபராதத்துக்கு இடமுண்டு.

வீட்டு இணையத் திட்டத்தை அவர் மனைவி பழையபடி மாற்றிவிட்டார். அதற்குப் பிறகும் கல் ஒரே அடியில் உடைகிறது. உங்கள் வீட்டிலும் பணம் கட்டுவதற்கு முன், இரண்டு குரலும் ஒன்றாகக் கேட்கின்றனவா என்று பாருங்கள்.