திறப்பு விழாவில் மூன்று நிமிடம்

திறப்பு விழாவுக்கு அழைத்திருக்கிறார்கள், “சும்மா ரெண்டு வார்த்தை பேசினா போதும்” என்றும் சொல்லியிருக்கிறார்கள். அரை மணி நேர உரையைவிட இந்த ரெண்டு வார்த்தைக்குத்தான் அதிகத் தயாரிப்பு வேண்டும். ஓர் ஊரின் கிளை நூலகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள், ரிப்பன் வெட்டப்போவது அதே ஊரில் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை என்று வைத்துக்கொள்வோம். அவருக்கான மூன்று நிமிடப் பேச்சைப் படிப்படியாகத் தயார் செய்து பார்க்கலாம்.

முதலில் அழைத்தவர்களிடம் இரண்டு விவரம் கேளுங்கள். உங்களுக்கு முன்னால் யார் யார் பேசுகிறார்கள்? நீங்கள் பேசுவது ரிப்பன் வெட்டுவதற்கு முன்பா, பின்பா? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ரிப்பன் வெட்டியதும் கூட்டம் உள்ளே நுழைந்து புது அலமாரிகளைப் பார்க்கப் போய்விடும். அதற்குப் பிறகு வாசலில் நின்று பேசினால் கேட்க ஆள் இருக்காது. ஆகவே வாசலில் ஒரே ஒரு வாக்கியம், மற்றதெல்லாம் மேடையில் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

அடுத்த வேலை, பேச்சுக்கான ஒரே ஒரு கருத்தைத் தேடுவது. இதற்கு மேசையில் உட்காருவதைவிட, விழாவுக்குச் சில நாள் முன்பு நேரில் போய் நூலகரோடு பேசுவதுதான் பயன் தரும். நம் தலைமையாசிரியைக்குக் கையில் மூன்று செய்திகள் கிடைக்கின்றன. இந்திய நூலகத் துறையின் முன்னோடியான எஸ்.ஆர். ரங்கநாதன் 1892இல் பிறந்தது நம் சீர்காழியில். மன்னார்குடிப் பகுதியில் 1931இலேயே மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் ஓடியிருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது, அது வீட்டு வரியில் பத்தில் ஒரு பங்கு.

மூன்றும் நல்ல செய்திகள்தான். ஆனால் மூன்று நிமிடத்தில் மூன்றையும் சொன்னால் ஒன்றும் நிற்காது. எதை வைத்துக்கொள்வது? இரண்டு சோதனைகள் உண்டு. அந்தக் கருத்தை அப்படியே ஒரு ரேஷன் கடைத் திறப்பு விழாவிலும் சொல்ல முடியுமானால் அது இந்த விழாவுக்கானது அல்ல. “அறிவே செல்வம்” போன்றவை இந்தச் சோதனையிலேயே விழுந்துவிடும். இரண்டாவது, கேட்டவர் வீட்டுக்குப் போய் அதைத் தொட்டுப் பார்க்கவோ செய்து பார்க்கவோ முடிய வேண்டும். ரங்கநாதனும் மாட்டு வண்டியும் இதில் நிற்கவில்லை. வரி ரசீது நிற்கிறது, ஏனென்றால் அது எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது. மாட்டு வண்டியை விடுவதற்கு மனம் வராதுதான். விட்டுவிடுங்கள்.

தேர்ந்தெடுத்த கருத்தை நூலகரிடம் சரிபார்க்க வேண்டும். நூலக வரி நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது, புத்தகமும் நாளிதழும் வாங்க உதவுகிறது. ஆனால் கட்டடம் சட்டமன்ற உறுப்பினர் நிதியிலோ ஒரு கொடையாளர் தந்த பணத்திலோ எழுந்திருக்கலாம். அது தெரியாமல் “இந்தக் கட்டடமே உங்கள் வரிப்பணம்தான்” என்று பேசினால், பணம் தந்தவர் மேடையிலேயே உட்கார்ந்திருப்பார். ஆகவே பேச்சு புத்தகத்தோடு நிற்கட்டும்.

இப்போது விளிப்பு. நம் மேடைகளில் நேரத்தை விழுங்குவது இதுதான். பதினைந்து பேரைப் பதவியோடு “அவர்களே” என்று அழைத்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விடும். ஒருவர் பெயர் விட்டுப்போனால் மனக்கசப்பு வேறு. வரவேற்புரையில் எல்லார் பெயரும் சொல்லியாகிவிட்டது என்பதால், தலைவரையும் அந்த இடத்தில் அன்றாடம் வேலை செய்பவரையும் மட்டும் விளித்து, மற்றவர்களுக்குச் சேர்த்து வணக்கம் சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பாதிப் பட்டியல் வாசிப்பதுதான் ஆபத்து.

எழுதும்போது, நிதானமான மேடைப் பேச்சுக்கு நிமிடத்துக்குச் சுமார் 80 முதல் 100 சொற்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கைதட்டல், மைக் சரிசெய்வது எல்லாம் சேர்ந்து வருவதால் 150 சொற்களுக்குள் எழுதினால் மூன்று நிமிடத்துக்குள் தாராளமாக முடியும். தலைமையாசிரியையின் பேச்சு இப்படி அமையலாம்:

“தலைவர் அவர்களே, நூலகர் அவர்களே, வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

இது எங்கள் வீட்டு வரி ரசீது. வீட்டு வரி 600 ரூபாய். கூடவே நூலக வரி 60 ரூபாய். பத்து ரூபாய் வீட்டு வரி கட்டினால், அதோடு ஒரு ரூபாய் நூலகத்துக்கும் கட்டுகிறோம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ‘எனக்கில்லை’ என்று நினைக்க வேண்டாம், உங்கள் வாடகையில் அதுவும் அடக்கம்தான்.

ஓசியில் படிக்கப் போகிறோமே என்று கூச்சப்பட்டு வாசலோடு திரும்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கே ஓசி எதுவும் இல்லை. காசு கட்டியாகிவிட்டது, புத்தகத்தை எடுத்துக்கொண்டு போவதுதான் பாக்கி.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி எவ்வளவு என்று பார்த்துவிட்டு, நாளைக் காலையில் இங்கே வாருங்கள். வணக்கம்.”

ரசீது கையில் இருக்க வேண்டும். சொல்வதற்கு முன்பே அதைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம் பேசாமல் நின்றால், பேசிக்கொண்டிருப்பவர்களும் என்னவென்று நிமிர்ந்து பார்ப்பார்கள். 600 என்பது எடுத்துக்காட்டு. உங்கள் ரசீதில் உள்ள தொகையையே சொல்லுங்கள். “நாளைக் காலையில்” என்பதற்கு முன், மறுநாள் நூலகத்தின் வார விடுமுறையா என்று நூலகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசலில் சொல்லும் ஒற்றை வாக்கியமும் இதிலிருந்தே வர வேண்டும்: “புத்தகக் காசு நீங்கள் கட்டியது, கத்தரிக்கோல் மட்டும்தான் என் கையில்.” இதைச் சொல்லி முடித்த பிறகு வெட்டுங்கள். புகைப்படக்காரர் கத்தரிக்கோலை அப்படியே பிடித்திருக்கச் சொல்லும் அந்தச் சில நொடிகளில் எல்லார் கண்ணும் உங்கள் மேல்தான் இருக்கும், சொல்ல நல்ல நேரம் அது.

இரண்டு இடைஞ்சல்கள் வரக்கூடும். முன்னால் பேசியவர் நூலக வரியைத் தொட்டுவிட்டால் புதுக் கருத்து தேடாதீர்கள். “அவர் சொன்ன வரிக்கு என் வீட்டு ரசீது இதோ” என்று அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். கருத்து இரண்டாவது முறை வருவதால் இன்னும் நன்றாகப் பதியும். நேரமாகிவிட்டது என்று துண்டுச் சீட்டு வந்தால், அவசரமாக எல்லாவற்றையும் ஒப்பிக்காமல், விளிப்பையும் வாடகை வீட்டுச் செய்தியையும் விட்டுவிட்டு ரசீதும் கடைசிப் பத்தியும் மட்டும் சொல்லுங்கள். எதை விடுவது என்று காகிதத்தில் முன்பே பென்சிலால் குறித்துக்கொண்டு போக வேண்டும். மேடையில் முடிவெடுக்க நேரம் இருக்காது.

பேச்சு மனதில் நின்றதா என்பதைக் கைதட்டலை வைத்து அறிய முடியாது, பேச்சு முடிந்ததற்கும் கைதட்டுவார்கள். நன்றியுரை சொல்பவர் ரசீதைத் தன் வாயால் சொல்கிறாரா, தேநீர் வேளையில் யாராவது “எங்க ரசீதுலயும் இருக்குமா?” என்று கேட்கிறார்களா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த நூலகத்தில் உங்களுக்கு உறுப்பினர் அட்டை இல்லையென்றால் விழாவுக்கு முந்தைய வாரமே வாங்கிவிடுங்கள். அட்டை இல்லாதவர் இந்தப் பேச்சைப் பேசக் கூடாது.