வட்டிக் கணக்கில் நாட்களை எண்ணும் முறைகள்

ஒரு கோடி ரூபாய்க்கு ஆண்டு வட்டி 7.20 சதவிகிதம் என்றால், ஓராண்டில் கிடைக்க வேண்டிய தொகை ரூ.7,20,000 என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு நாள் வட்டி எவ்வளவு என்று கேட்டால் இரண்டு விடைகள் உண்டு. ஆண்டை 360 நாட்களாகக் கொண்டால் ரூ.2,000, 365 நாட்களாகக் கொண்டால் ரூ.1,972.60. இத்துடன் மற்றொரு வினாவும் எழுகிறது. இரு தேதிகளுக்கு இடையே உள்ள நாட்களை நாட்காட்டியைப் பார்த்து எண்ணுவதா, அல்லது மாதம் ஒவ்வொன்றும் முப்பது நாட்கள் என்று வைத்து எண்ணுவதா? இவ்விரு வினாக்களுக்குமான விடைகள் சேர்ந்ததே நாள் கணக்கு மரபு எனப்படுவது. வட்டி விகிதத்தை மட்டும் அறிந்து மரபை அறியாதவர் பாதிக் கணக்கையே அறிந்தவராவார்.

இந்திய அரசு வெளியிடும் நிலையான வட்டியுள்ள நீண்ட காலக் கடன் பத்திரங்களில் வழங்கி வருவது 30/360 முறை. இதன்படி எந்த மாதத்துக்கும் 30 நாட்கள். ஆண்டுக்கு 360 நாட்கள். வட்டி அரையாண்டுக்கு ஒருமுறை வழங்கப்படுகிறது. இடையில் பத்திரம் கைமாறினால், முந்தைய வட்டித் தேதியிலிருந்து பணம் தீர்க்கப்படும் நாள் வரை சேர்ந்துள்ள வட்டியை வாங்குபவர் விலையுடன் சேர்த்து விற்பவருக்குக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வட்டித் தேதியில் அரையாண்டு வட்டி முழுவதும் வாங்கியவருக்கு வந்து சேரும். நாட்களை எண்ணும் முறை ரூபாயாக மாறும் இடம் இதுவே.

உதாரணமாக, மேற்கூறிய ஒரு கோடி ரூபாய் முகமதிப்புள்ள பத்திரத்துக்கு ஜனவரி 15, ஜூலை 15 ஆகியவை வட்டித் தேதிகள் என்று கொள்வோம். ஆண்டு 2023. (அந்த ஜனவரி 15 ஞாயிற்றுக்கிழமை. வட்டித் தேதி விடுமுறையில் விழுந்தால் தொகை அடுத்த வேலை நாளில் வழங்கப்படும். ஆனால் அதற்காகக் கூடுதல் வட்டி கிடையாது. கணக்கும் 15ஆம் தேதியிலிருந்தே தொடங்கும்.) பத்திரம் பிப்ரவரி 28 அன்று கைமாறுகிறது. மாத வித்தியாசம் ஒன்று, அதாவது 30 நாட்கள். தேதி வித்தியாசம் 28இல் 15 போக 13. ஆக 43 நாட்கள். சேர்ந்த வட்டி ரூ.86,000.

அதே பத்திரம் மறுநாள், மார்ச் 1 அன்று கைமாறுவதாக வைத்துக்கொள்வோம். இப்போது மாத வித்தியாசம் இரண்டு, அதாவது 60 நாட்கள்; தேதி வித்தியாசம் 1இல் 15 போக, குறை 14. ஆக 46 நாட்கள். சேர்ந்த வட்டி ரூ.92,000. கழிந்தது ஓர் இரவு. ஏறியதோ மூன்று நாள் வட்டி. இக்கணக்கை முதன்முறை காணும் அலுவலர் அச்சுப் பிழை என்றே எண்ணுவார். நாட்காட்டியைப் பார்த்து 45 நாட்கள் என்று திருத்தி எழுதி, விற்றவரின் கணக்கோடு ஒத்துப்போகாமல் இடர்ப்படுவதும் உண்டு. பிழை கணக்கில் இல்லை. பிப்ரவரிக்கு இல்லாத 29, 30ஆம் தேதிகளை மரபு இருப்பதாகக் கொள்கிறது, அவ்வளவே.

அப்படியானால் ஒரு நாள் காத்திருந்து விற்பவருக்கு ரூ.4,000 இலவசமாகக் கிடைக்கிறதா என்று கேட்கலாம். அந்த ஓர் இரவை மட்டும் பார்த்தால், விலை மாறாதிருக்கும் வரை, அவருக்கு ஆதாயம்தான். ஆனால் அரையாண்டு முழுவதையும் பார்த்தால் நிலைமை வேறு. ஜனவரி 15 முதல் ஜூலை 15 வரை உண்மையில் உள்ள நாட்கள் 181. பிப்ரவரியில் இல்லாத இரண்டு நாட்கள் கூடுகின்றன. ஜனவரி, மார்ச், மே ஆகிய மாதங்களின் 31ஆம் நாட்கள் மூன்றும் எண்ணப்படாமல் போகின்றன. மிஞ்சுவது சரியாக 180. பிப்ரவரியில் கொடுத்ததை நீண்ட மாதங்களில் இம்முறை திரும்பப் பெற்றுக்கொள்கிறது. நடுவில் வாங்குபவரும் விற்பவரும் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதே வேறுபாடு.

இத்தகைய விசித்திரம் இருந்தும் இம்முறை நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. உண்மை நாட்களை 365ஆல் வகுத்தால், ஜூலையில் வரும் அரையாண்டு வட்டி 181 நாட்களுக்கு ரூ.3,57,041.10, ஜனவரியில் வருவது 184 நாட்களுக்கு ரூ.3,62,958.90. 30/360 முறையில் இரண்டுமே ரூ.3,60,000. பல ஆண்டுகள் ஒரே தொகையைத் தவறாமல் எதிர்பார்க்கும் சேமநல நிதி போன்ற அமைப்புகளுக்கு இது வசதி. கையால் கணக்கிட்ட காலத்தில் வசதி இன்னும் பெரிது.

குறுகிய காலப் பணச் சந்தையில் இந்த வசதிக்கு இடமில்லை. அரசு வெளியிடும் 91, 182, 364 நாள் கருவூல உண்டியல்களுக்கு நாட்காட்டிப்படி உண்மை நாட்கள் எண்ணப்பட்டு 365ஆல் வகுக்கப்படுகின்றன. ஆகவே ஒரே அரசின் பத்திரமும் உண்டியலும் 7 சதவிகித ஆதாயம் என்று அருகருகே அச்சிடப்பட்டிருந்தாலும், அவ்விரு எண்களையும் அப்படியே ஒப்பிடுவது சரியாகாது.

365 என்ற வகு எண்ணும் லீப் ஆண்டில் தடுமாறும். 2024 ஜனவரி 1 முதல் 2025 ஜனவரி 1 வரை 366 நாட்கள். வகு எண்ணை மாற்றாமல் கணக்கிட்டால் நமது ஒரு கோடிக்கு வட்டி ரூ.7,21,972.60, 366ஆல் வகுத்தால் ரூ.7,20,000. வைப்புத் தொகைகளுக்கு வங்கிகளிடையே இரு வழக்கங்களும் இருந்து வந்துள்ளன. முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வங்கிகளுக்கே விட்ட ரிசர்வ் வங்கி, அதை வைப்பாளருக்குத் தெரிவித்துக் கிளையிலும் அறிவிக்க வேண்டும் என்று கூறியுள்ளது.

கடன் வாங்குவோர் அதிகக் கவனம் செலுத்த வேண்டியது மூன்றாவது முறையில். உண்மை நாட்களை எண்ணி 360ஆல் வகுப்பது டாலர் பணச் சந்தையின் வழக்கம். டாலரில் பெறப்படும் கடன்கள் பலவற்றிலும் இதுவே எழுதப்படுகிறது. இம்முறையில் ஆண்டின் 365 நாட்களுக்கும் நாளொன்றுக்கு 360இல் ஒரு பங்கு வட்டி ஏறுகிறது. ஆகவே 7.20 என்று எழுதப்பட்ட விகிதம் உண்மையில் 7.30 ஆகிவிடுகிறது. நமது உதாரணத்தின் அளவில் ஆண்டுக்கு ரூ.10,000 மிகுதி. ஒப்பந்தத்தின் வட்டி விகிதப் பத்தியில் இது தெரியாது. பெரும்பாலும் பொருள் வரையறைப் பகுதியில் ஒரு வரியாக மட்டுமே இருக்கும்.

கையிலுள்ள ஒரு கணக்கு எந்த முறையில் போடப்பட்டது என்று தெரியாவிட்டால், தணிக்கையாளர் லீப் அல்லாத ஓர் ஆண்டின் பிப்ரவரி 28, மார்ச் 1 ஆகிய தேதிகளுக்கான சேர்ந்த வட்டியைக் கேட்டுப் பெற்று ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்க்கலாம். நமது பத்திரத்தின் அளவில் விடை ரூ.6,000 ஆனால் 30/360, ரூ.1,972.60 ஆனால் உண்மை நாட்கள், 365, ரூ.2,000 ஆனால் உண்மை நாட்கள், 360.

30/360 என்று தெரிந்த பின்னரும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. அதே ஜனவரி 15 முதல் ஜனவரி 31 வரை எத்தனை நாட்கள்? ஐரோப்பிய வகைப்படி 31ஆம் தேதி எப்போதும் 30 ஆகக் கொள்ளப்படும், விடை 15. அமெரிக்க வகைப்படி, தொடக்கத் தேதி 30 அல்லது 31 ஆக இருந்தால் மட்டுமே இறுதித் தேதி 30 ஆகும். இங்கே தொடக்கம் 15 ஆதலால் விடை 16. இருவரும் 30/360 என்றே ஒப்பமிட்டிருப்பர், ரூ.2,000 வேறுபாடு இருக்கும். எனவே ஒப்பந்தத்தில் முறையின் பெயருடன் அதன் வகையையும் எழுத வேண்டும்.