ஆரஞ்சு நிறம் எந்த வடிகட்டிக்கு?

மாணவர்களே, பள்ளி அளவிலான ஒரு புத்தாக்கப் போட்டியில் நடுவர்களுள் ஒருவராக நான் அமர்ந்திருந்தேன். நான்காம் படிவ மாணவர் நால்வர், நெகிழிப் புட்டிகளைக் கொண்டு இரண்டு நீர்வடிகட்டிகளைச் செய்து வந்திருந்தார்கள். ஒன்றில் மணலும் கூழாங்கல்லும் மட்டும். மற்றொன்றில் அவற்றோடு கரியும் இருந்தது. ஐந்தாம் படவில்லையில் இருந்த பட்டைக் குறிவரைவில் மணல் வடிகட்டிக்கு நீலம், கரி வடிகட்டிக்கு ஆரஞ்சு. ஒன்பதாம் படவில்லையில் இன்னொரு குறிவரைவு வந்தது. அதில் நீலப் பட்டைதான் உயரம்.

“அப்படியானால் கரி சேர்க்காததுதான் நன்றாக வடிகட்டியதா?” என்று என் பக்கத்து நடுவர் கேட்டார். இல்லை, அந்தக் குறிவரைவில் நீலம் கரி வடிகட்டிக்கு உரியது! மாணவர்கள் திகைத்துப் பின் விளக்கினார்கள். கேள்வி பதிலுக்கு ஒதுக்கிய நேரம் அதிலேயே கரைந்துவிட்டது. ஆய்வில் பிழை இல்லை. நால்வர் தனித்தனியே செய்த படவில்லைகளை முதல்நாள் இரவு ஒரே கோப்பில் ஒட்டியதில்தான் பிழை.

போட்டி முடிந்தபின் அந்தக் கோப்பைத் திறந்து காட்டச் சொன்னேன். பவர்பாயிண்டில் View பட்டியலில் Slide Master என்பதைச் சொடுக்கினால், இடப்பக்கம் ஒரு பெரிய படவில்லையும் அதன் கீழே பல சிறிய படவில்லைகளும் தெரியும். பெரியதுதான் தாய்ப் படவில்லை. தலைப்பின் எழுத்துரு, அளவு, நிறம் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். கீழே உள்ள சிறியவை தளவமைப்புகள். அவை தாயிடமிருந்து பெறுகின்றன. நீங்கள் தட்டச்சு செய்யும் படவில்லைகள் தளவமைப்பிடமிருந்து பெறுகின்றன. அந்த மாணவர்களின் கோப்பில் 1, 2, 3 என்று எண்ணிட்ட மூன்று தாய்ப் படவில்லைகள் இருந்தன. நண்பர்களின் படவில்லைகளை ஒட்டும்போது Keep Source Formatting என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் படவில்லையோடு அதன் தாயும் கூடவே வந்துவிடும். Use Destination Theme என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால், வந்த படவில்லை இந்தக் கோப்பின் தாயை ஏற்றுக்கொண்டிருக்கும்.

ஆனால் தாய் ஒன்றே ஆனாலும் எல்லாம் சரியாகிவிடாது. ஒரு படவில்லையில் தலைப்பைத் தெரிவு செய்து கையால் சிவப்பாக்கினால், அந்தத் தலைப்பு இனி நிறத்தில் தாய் சொல்வதைக் கேட்காது. இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. தாய்ப் படவில்லையில் தலைப்பின் நிறத்தைக் கண்ணைப் பறிக்கும் பச்சையாக மாற்றிவிட்டு, எல்லாப் படவில்லைகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பச்சையாகாத தலைப்புகள்தாம் கையால் மாற்றப்பட்டவை. அந்தப் படவில்லையில் நின்று Home பட்டியலில் உள்ள Reset என்பதைச் சொடுக்கினால் அது தாயிடம் திரும்பும். (நீங்கள் வேண்டுமென்றே தந்த நிறமும் அதோடு போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.) சோதனை முடிந்ததும் பச்சையை நீக்கிவிடுங்கள்.

Reset செய்தும் மாறாத எழுத்துகள் சில இருக்கும். அவை Insert வழியாகத் தனியே போட்ட Text Box-இல் எழுதப்பட்டவை. ‘Click to add title’, ‘Click to add text’ என்று மங்கலாகத் தெரியும் பெட்டிகளுக்கு மட்டுமே தாயோடு உறவு. ஆகவே தலைப்பையும் கருத்துகளையும் அந்தப் பெட்டிகளிலேயே எழுதுங்கள். கூகுள் சிலைட்ஸ் பயன்படுத்துவோருக்கும் இதே முறைதான். அங்கே View பட்டியலில் Theme builder என்று இருக்கும்.

இனி எழுத்தின் அளவு. பவர்பாயிண்டின் வழக்கமான படவில்லையின் உயரம் 7.5 அங்குலம். ஓர் அங்குலத்திற்கு 72 புள்ளிகள் என்பதால் மொத்தம் 540 புள்ளிகள். வகுப்பறைத் திரையில் விழும் படம் 135 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 24 புள்ளி எழுத்துக்குத் திரையில் 135 × 24 ÷ 540 = 6 சென்டிமீட்டர் கிடைக்கும். 12 புள்ளிக்கு 3 சென்டிமீட்டர்தான். அதுவும் மேலே ஏறும் கொம்புக்கும் கீழே இறங்கும் சுழிக்கும் சேர்த்து ஒதுக்கிய உயரம். ‘ப’ போன்ற ஓர் எழுத்தின் உடல் அதில் பாதியளவே இருக்கும். கடைசி வரிசை மாணவரின் இடத்தில் நின்று பார்த்தால் அது போதாது என்பது புரியும்.

நால்வருக்கும் நான் சொன்ன அளவுகள் இவை: தலைப்பு 36, கருத்துகள் 24, படங்களின் கீழ் வரும் குறிப்பு 18. பவர்பாயிண்ட் தானாகத் தரும் தலைப்பு அளவு பெரும்பாலும் 44. ஆனால் ‘நீர்வடிகட்டிகளின் செயல்திறன் ஒப்பீடு’ போன்ற நீண்ட தமிழ்ச் சொற்கள் அந்த அளவில் இரண்டாம் வரிக்கு இறங்கிவிடும்.

இந்த அளவுகளைத் தாய்ப் படவில்லையில் வைத்த பின்னும் ஒன்று உங்களை ஏமாற்றும். பெட்டி நிரம்பி வழிந்தால் பவர்பாயிண்ட் உங்களைக் கேட்காமலேயே எழுத்தைச் சிறிதாக்கும். அதனால் ஐந்து வரி உள்ள படவில்லையில் 24, ஒன்பது வரி உள்ளதில் அதைவிடக் குறைவு என்று ஒவ்வொன்றும் ஓர் அளவாகிவிடும். இதை நிறுத்த, தாய்ப் படவில்லையில் கருத்துப் பெட்டியை வலச்சொடுக்கு செய்து Format Shape-க்குப் போங்கள். அங்கே Text Box பகுதியில் Do not Autofit என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி வரிகள் மிகுந்தால் அவை பெட்டிக்கு வெளியே வழிந்து நிற்கும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அப்போது வாக்கியங்களைக் குறையுங்கள், அல்லது இரண்டு படவில்லையாகப் பிரியுங்கள்.

தமிழில் எழுதுவோர் எழுத்துருவையும் கவனிக்க வேண்டும். Calibri-யில் தமிழ் எழுத்துகளே இல்லை. அதைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் எழுதினால் கணினி வேறோர் எழுத்துருவைக் கடன் வாங்கிக் காட்டும். ஒரே வரியில் ஆங்கில எழுத்து ஒரு தடிமனாகவும் தமிழ் வேறொரு தடிமனாகவும் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். விண்டோஸில் உள்ள Nirmala UI-இல் இரண்டு மொழி எழுத்துகளும் உண்டு.

கடைசியாக, குழப்பத்தைத் தொடங்கி வைத்த நிறத்திற்கு வருவோம். Slide Master பக்கத்திலேயே Colors, பிறகு Customize Colors என்று போனால் கோப்பின் வண்ணத் தட்டை மாற்றலாம். வெள்ளைப் பின்னணியையும் கறுப்பு எழுத்தையும் அப்படியே விட்டுவிட்டு, இரண்டே நிறங்களைச் சேர்த்தோம். Accent 1-இல் கருநீலம், 1F3864. Accent 2-இல் அடர் ஆரஞ்சு, D97000. இந்த இரண்டையும் கறுப்பு வெள்ளைப் புகைப்படமாக எடுத்தாலும் ஒன்று கருமையாகவும் மற்றொன்று நடுத்தரச் சாம்பலாகவும் பிரிந்து தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களும் அவையில் இருப்பார்கள் அல்லவா? மஞ்சளை மட்டும் வெள்ளையின் மேல் எழுதாதீர்கள். திரையில் அது இருப்பதே தெரியாது.

வண்ணத் தட்டு ஒன்றானதும் குறிவரைவுகள் சரியாகிவிடும் என்றுதான் மாணவர்கள் நினைத்தார்கள். ஆகவில்லை. ஒன்பதாம் படவில்லையில் மணலும் கரியும் இன்னமும் நிறம் மாறியே நின்றன. காரணம், பவர்பாயிண்ட் குறிவரைவில் முதல் நிரலுக்கு Accent 1-ஐயும் இரண்டாம் நிரலுக்கு Accent 2-ஐயும் தருகிறது. அது நிரலின் பெயரைப் பார்ப்பதில்லை, வரிசையைத்தான் பார்க்கிறது. ஐந்தாம் படவில்லையைச் செய்த மாணவி அட்டவணையில் மணலை முதலில் எழுதியிருந்தார். ஒன்பதாவதைச் செய்த மாணவர் கரியை முதலில் எழுதியிருந்தார். குறிவரைவின் மேல் Edit Data என்பதைத் திறந்து இரண்டு நிரல்களையும் இடம் மாற்றியதும் மணல் கருநீலமாகவும் கரி ஆரஞ்சாகவும் மாறின. பிறகு ‘கரி’ என்ற சொல் தலைப்பில் வரும் இடங்களிலும் அதே ஆரஞ்சைத் தந்தார்கள். அலங்காரத்திற்காக ஆரஞ்சில் வரைந்திருந்த கோடுகளை எல்லாம் அந்த மாணவியே அழித்துவிட்டார்.